புதிய திட்டக் குழுவைச் சமன்படுத்துவது எப்படி: பெல்பின் பங்கு வகைகளைப் பயன்படுத்தும் முழுமையான வழிகாட்டி

நிறுவனத்தில் புதிய திட்டம் ஒன்று தொடங்கும்போது குழு அமைப்பவர் முதலில் கையில் எடுப்பது பெயர்ப் பட்டியலைத்தான். துறைக்கு ஒருவர் என்று குறிப்பார்கள், அவர்களுள் பதவியில் மூத்தவரைத் தலைவராக்குவார்கள், முதல் கூட்டத்துக்கு நாள் குறிப்பார்கள். இரண்டாவது மாதத்தில் சிக்கல் தலைகாட்டும். போன வாரம் முடிவான விஷயம் இந்த வாரம் மறுபடி விவாதத்துக்கு வரும். அல்லது முடிவெல்லாம் சரியாக எடுக்கப்பட்டிருக்கும், ஆனால் அதை யார் செய்வது என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தம் துறையில் திறமைசாலிதான். குழுவாக உட்காரும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதைப் பார்ப்பதற்கான வழியை வகுத்தவர் மெரிடித் பெல்பின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ஹென்லி நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த மேலாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வணிகப் போட்டி விளையாட்டுகளில் ஈடுபடுத்தி, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவரும் அவருடைய குழுவினரும் கவனித்தார்கள். முடிவுகள் 1981இல் நூலாக வெளிவந்தன. அதில் எல்லோரையும் வியக்கவைத்தது ‘அப்போலோ’ குழுக்களின் கதை. அறிவுத்திறன் சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களை ஒரே குழுவில் சேர்த்து, அவர்கள்தான் வெல்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி அமைக்கப்பட்ட 25 குழுக்களில் மூன்று மட்டுமே முதலிடம் பெற்றன. ஒருவர் வாதத்தில் உள்ள ஓட்டையை மற்றவர் கண்டுபிடிப்பதிலேயே நேரம் போனது. அவசரமாகச் செய்ய வேண்டிய சாதாரண வேலைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன.

வென்ற குழுக்களைப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் வெவ்வேறு வகையான பங்களிப்புகள் ஒன்றுக்கொன்று துணையாக இருந்தது தெரிந்தது. முதலில் எட்டு வகைகள் பிரிக்கப்பட்டன, பின்னர் ஒன்பதாவது சேர்ந்தது. இந்தக் கட்டுரையில் அவற்றில் மூன்றை விரிவாகப் பார்க்கிறோம்: ஒருங்கிணைப்பாளர், செயலாக்குபவர், துறை வல்லுநர். பதவிப் பெயரோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுபவை இந்த மூன்றும்தான். மேலாளர் என்றால் ஒருங்கிணைப்பாளர், உழைப்பாளி என்றால் செயலாக்குபவர், பட்டம் பெற்றவர் என்றால் துறை வல்லுநர் என்று எண்ணிக் குழு அமைத்தால் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒன்பது பங்குகள், சுருக்கமாக

சிந்தனை சார்ந்தவை மூன்று. புதிய தீர்வை யோசித்துச் சொல்பவர் புதுயோசனைக்காரர். பல வழிகளை எடைபோட்டு எது தேறும், எது தேறாது என்று நிதானமாகச் சொல்பவர் சீர்தூக்குபவர். ஒரு குறிப்பிட்ட துறையில் ஆழமான அறிவைக் கொண்டுவருபவர் துறை வல்லுநர்.

மனிதர் சார்ந்தவை மூன்று. இலக்கைத் தெளிவாக்கி, யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்று அறிந்து வேலையைப் பகிர்ந்து தருபவர் ஒருங்கிணைப்பாளர். வெளியே ஆள் பிடித்து, விலை விசாரித்து, செய்தி கொண்டுவருபவர் வெளித்தொடர்பாளர். உரசல்களைத் தணித்து ஒருவருக்கொருவர் உதவவைப்பவர் இணக்கம் பேணுபவர்.

செயல் சார்ந்தவை மூன்று. தடைகளை உடைத்துக் குழுவை விரட்டுபவர் உந்துபவர். முடிவுகளை நடைமுறை வேலைகளாக மாற்றி ஒழுங்காகச் செய்து முடிப்பவர் செயலாக்குபவர். பிழை தேடி, விடுபட்டது தேடி, கெடு தவறாமல் பார்ப்பவர் முடித்துவைப்பவர்.

ஒவ்வொரு பங்குக்கும் அதன் பலத்தோடு ஒட்டிப் பிறந்த பலவீனம் ஒன்று உண்டு. ஒருங்கிணைப்பாளர் தம் வேலையையும் பிறர் தலையில் வைத்துவிடக்கூடும். செயலாக்குபவர் புதிய மாற்றத்துக்கு மெதுவாகத்தான் இணங்குவார். துறை வல்லுநர் தம் துறைக்கு வெளியே அக்கறை காட்ட மாட்டார். பலம் வேண்டுமென்றால் இந்தப் பலவீனத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது பெல்பினின் நிலைப்பாடு. நடைமுறையில் இது மிகவும் உதவும் கருத்து. செயலாக்குபவரைப் பிடித்து ‘ஏன் புதிதாக யோசிக்க மாட்டேன் என்கிறீர்கள்’ என்று மாதாமாதம் கடிந்துகொள்ளும் தலைவர், அவரிடம் இருக்கும் ஒழுங்கையும் சேர்த்தே இழக்கிறார்.

இனி, ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செல்வோம். நடுத்தர அளவிலான ஒரு மருத்துவமனை. அதன் மருந்தகம் இதுவரை காகிதப் பதிவேடுகளில் இயங்கிவந்தது. இருப்பு, பில் இரண்டையும் மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அன்று புதிய முறை இயங்க வேண்டும். டிசம்பரில் குழு அமைக்கப்படுகிறது. நிர்வாக அலுவலர், தலைமை மருந்தாளுநர், செவிலியர் கண்காணிப்பாளர், கணக்கர், கணினிப் பிரிவு இளைஞர், வரவேற்புப் பிரிவின் மூத்த ஊழியர் ஆகிய ஆறு பேர் அதில் இருக்கிறார்கள்.

முதல் படி: ஆட்களுக்கு முன் வேலையை எழுதுங்கள்

ஒன்பது பங்கும் எல்லா நேரமும் சமமாகத் தேவைப்படுவதில்லை. திட்டத்தின் எந்தக் கட்டத்தில் எது முன்னால் நிற்க வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே ஒரு தாளில் திட்டத்தின் கட்டங்களை மட்டும் எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம்.

நம் மருந்தகத் திட்டத்தில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. என்ன வேண்டும் என்று வரையறுப்பது முதல் கட்டம். இங்கே ஒருங்கிணைப்பாளரும் உந்துபவரும் தேவை. மென்பொருளைத் தேர்வது இரண்டாவது. மூன்று விற்பனையாளர்களைப் பார்த்துவர வெளித்தொடர்பாளரும், அவர்கள் சொல்வதை எடைபோடச் சீர்தூக்குபவரும், மருந்தகச் சட்டம் தெரிந்த துறை வல்லுநரும் வேண்டும். மருந்துப் பட்டியலைத் தயாரிப்பது மூன்றாவது. ஏறத்தாழ 2,000 மருந்துகளைப் பெயர், வீரியம், அலகு, விலை என்று பதிய வேண்டும். இது செயலாக்குபவரின் இராச்சியம், பக்கத்தில் துறை வல்லுநர் இருக்க வேண்டும். மார்ச் 31 இரவு இருப்பை எண்ணிப் பதிவது நான்காவது. செயலாக்குபவரோடு முடித்துவைப்பவரும் சேர்ந்தாக வேண்டும். ஏப்ரலில் இரண்டு வாரம் காகிதத்திலும் கணினியிலும் இரட்டைப் பதிவு நடத்துவது ஐந்தாவது. ஊழியர்களுக்கு வேலை இரட்டிப்பாகும், எரிச்சல் வரும், எனவே இணக்கம் பேணுபவர் இல்லாமல் அந்த இரண்டு வாரத்தைக் கடக்க முடியாது.

இப்படி எழுதியதும் ஒரு விஷயம் புலப்படும். இந்தத் திட்டத்தின் பெரும்பகுதி ஒழுங்கான, சலிப்பூட்டும் வேலை. புதுயோசனைக்காரருக்கு இதில் வேலை குறைவு. விளம்பரத் திட்டமாகவோ புதிய பொருள் வடிவமைப்பாகவோ இருந்தால் நிலைமை தலைகீழாக இருக்கும். சமநிலை என்றால் ஒன்பது பங்குக்கும் எதிரே ஒரு பெயர் இருப்பது என்று நினைப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள்

பெல்பினின் சுயமதிப்பீட்டு வினாத்தாளில் ஏழு பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள கூற்றுகளுக்குள் 10 புள்ளிகளைப் பங்கிட வேண்டும், ஆக மொத்தம் 70. இந்த அமைப்பில் ஒரு வரம்பு இருப்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் மொத்தம் ஒன்றே என்பதால், ஒரு பங்குக்கு அதிகம் போட்டவர் இன்னொன்றுக்குக் குறைத்தே ஆக வேண்டும். இவருக்குச் செயலாக்குபவர் பங்கில் 14, அவருக்கு 11, ஆகவே இவர்தான் சிறந்தவர் என்று ஒப்பிடக் கூடாது. அந்த எண், ஒரே மனிதருக்குள் எது முன்னால், எது பின்னால் என்பதை மட்டுமே சொல்கிறது. இந்த வினாத்தாளின் அளவீட்டுத் தரத்தைக் கேள்வி கேட்டு 1993இல் ஃபர்ன்ஹாம், ஸ்டீல், பெண்டில்டன் ஆகியோர் எழுதினார்கள், பெல்பினும் பதில் எழுதினார். அந்த விவாதத்தின் பாடத்தை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்துக் குழு அமைக்காதீர்கள், உடன் வேலை செய்தவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

அதைவிட நேரடியான வழியும் உண்டு. ஹென்லியில் கவனிப்பாளர்கள் ஒவ்வொரு அரை நிமிடமும் குழுவில் அப்போது மேலோங்கி நின்ற பேச்சு எந்த வகை என்று குறித்தார்கள். கேட்பது, தகவல் தருவது, முன்மொழிவது, எதிர்ப்பது, பகிர்ந்தளிப்பது, பிறர் கருத்தை வளர்த்தெடுப்பது, பொதுவாகக் கருத்துரைப்பது என ஏழு வகைகள். நீங்களும் இதைச் செய்யலாம். முதல் இரண்டு கூட்டங்களில் குழுவில் இல்லாத ஒருவரை மூலையில் உட்காரவையுங்கள். வரிசையில் பெயர்களும் மேலே இந்த ஏழு தலைப்புகளும் எழுதிய தாளில் அவர் கோடு போட்டுக்கொண்டே வரட்டும். எதற்காகக் குறிக்கிறார் என்பதைக் குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்தால் நம்பிக்கை போய்விடும்.

மருத்துவமனைக் குழுவின் தாள் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிர்வாக அலுவலரின் பெயருக்கு நேரே முன்மொழிவிலும் எதிர்ப்பிலும் கோடுகள் குவிந்திருக்கின்றன, கேட்பதில் ஒன்றிரண்டுதான். கெடு தேதியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், பேசுபவரை இடைமறிக்கிறார். பதவியால் தலைவர் என்றாலும் நடத்தையால் இவர் உந்துபவர். தலைமை மருந்தாளுநர் தகவல் தருவதில் முதலிடம், ஆனால் எல்லாத் தகவலும் மருந்து பற்றியவை. பணி நியமனம் பற்றிப் பேச்சு வந்தால் பதிவேட்டைப் புரட்டத் தொடங்குகிறார். இவர் துறை வல்லுநர், இரண்டாவதாகச் சீர்தூக்குபவர்.

கணக்கர் அதிகம் பேசவில்லை. பேசியபோதெல்லாம் ‘போன கூட்டத்தில் 15ஆம் தேதி என்றோம், குறிப்பில் 18 என்று இருக்கிறதே’ என்ற வகை. முடித்துவைப்பவர், அடுத்து செயலாக்குபவர். கணினி இளைஞர் இரண்டே கூட்டத்தில் ஐந்து புதிய வசதிகளை முன்மொழிந்துவிட்டார், அவர் புதுயோசனைக்காரர். வரவேற்புப் பிரிவின் மூத்த ஊழியருக்கு ஊரில் எல்லா மருத்துவமனையிலும் ஆள் தெரியும், எங்கே எந்த மென்பொருள் ஓடுகிறது என்று அவர்தான் சொன்னார். வெளித்தொடர்பாளர், கூடவே இணக்கம் பேணுபவர்.

செவிலியர் கண்காணிப்பாளரிடம்தான் தாள் எதிர்பாராத செய்தி தருகிறது. எல்லோரும் அவரை இணக்கம் பேணுபவர் என்றே நினைத்திருந்தார்கள், அமைதியானவர் என்பதால். அவருக்கு நேரே கேட்பதிலும் பகிர்ந்தளிப்பதிலும் கோடுகள் அதிகம். ‘இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று மருந்தகத்தில் கேட்டீர்களா, தலைமை மருந்தாளுநரே கேட்டுவந்து சொல்லட்டும்’ என்கிறார். இது ஒருங்கிணைப்பாளரின் பேச்சு.

மூன்றாம் படி: மூன்று பங்குகளையும் சரியாக அடையாளம் காணுங்கள்

ஒருங்கிணைப்பாளரைத் தேடும்போது மிகவும் புத்திசாலியைத் தேடாதீர்கள். ஹென்லியில் வெற்றி பெற்ற குழுக்களின் தலைவர்களது அறிவுத்திறன் மதிப்பெண் குழுவின் மற்றவர்களைவிடப் பெரிதும் உயர்ந்ததாக இல்லை. அவர்கள் பதற்றமில்லாதவர்கள், பிறரை எளிதில் நம்பியவர்கள், எந்த நேரத்தில் யார் பேச வேண்டும் என்று அறிந்தவர்கள். ஒருவர் ஒருங்கிணைப்பாளரா உந்துபவரா என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். விவாதம் முட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தம் முடிவைச் சொல்லி முட்டுக்கட்டையை உடைப்பவர் உந்துபவர். இதுவரை பேசாதவரைப் பேசவைத்து, இரண்டு பக்கத்திலும் உள்ள பொதுவான அம்சத்தைச் சொல்லி, ஒரு பெயரையும் ஒரு தேதியையும் பெற்றுக்கொண்டு அடுத்ததற்குப் போகிறவர் ஒருங்கிணைப்பாளர். இருவரும் குழுவுக்கு வேண்டும். ஆனால் கூட்டத்தை உந்துபவர் நடத்தினால் துறை வல்லுநர் வாயை மூடிக்கொள்வார், அதன் விலை மூன்றாவது மாதத்தில்தான் தெரியும்.

செயலாக்குபவரைக் கடின உழைப்பாளியோடு குழப்புவது பரவலான பிழை. இரவு பத்து மணிவரை உட்கார்ந்து தாமே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்பவர் செயலாக்குபவராக இருக்க வேண்டும் என்பதில்லை. 2,000 மருந்துகளைப் பதிய வேண்டும் என்று முடிவானால், செயலாக்குபவர் முதலில் செய்வது வேலையைப் பகுப்பது: நாளொன்றுக்கு 100, இருபது வேலை நாட்கள், எந்த அலமாரியிலிருந்து தொடங்குவது, யார் வாசிப்பது, யார் பதிவது. வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய முறையாக மாற்றுவதுதான் அவருடைய கொடை. கூட்டம் முடிந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி ‘நாளைக் காலை எங்கிருந்து தொடங்குவது’ என்பதாகவே இருக்கும்.

துறை வல்லுநரைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி பயனுள்ளது. ஹென்லியின் முதல் எட்டுப் பங்குகளில் இவர் இல்லை. காரணம், அந்த விளையாட்டில் சிறப்பு அறிவு எதுவும் தேவைப்படவில்லை, விதிகள் எல்லோருக்கும் ஒன்றே. நிஜமான திட்டங்களில் தொழில்நுட்ப அறிவு முடிவையே மாற்றுகிறது என்று தெரிந்த பிறகுதான் ஒன்பதாவதாகச் சேர்த்தார்கள். அதனால் இன்றும் துறை வல்லுநரைக் குழுவில் எங்கே வைப்பது என்று பலர் தடுமாறுகிறார்கள். அவரை எல்லாக் கூட்டத்திலும் முழு நேரமும் உட்காரவைப்பதைவிட, அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தயாரித்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் அழைப்பது நல்லது.

மருந்தகத் திட்டத்தில் அந்தக் கேள்வி இதுதான்: மென்பொருளில் எது இல்லாவிட்டால் நாம் வாங்கவே கூடாது? தலைமை மருந்தாளுநரின் பதில் குழுவில் வேறு யாருக்கும் தெரியாதது. இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ள, கூடுதல் கண்காணிப்புக்குரிய மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவேட்டைத் தானாக எடுத்துத் தராத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. கணினி இளைஞருக்கு மிகவும் பிடித்திருந்த மென்பொருள் இந்த ஒரு கேள்வியில் விழுந்துவிடுகிறது.

நான்காம் படி: இடைவெளியையும் நெரிசலையும் படியுங்கள்

இப்போது முதல் தாளையும் இரண்டாம் தாளையும் பக்கத்தில் வையுங்கள். கட்டங்களுக்கு எதிரே, அந்தப் பங்கை இயல்பாகச் செய்பவர், சமாளித்துச் செய்யக்கூடியவர் என்று இரண்டு நிலைகளில் பெயர் எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இயல்பான பங்கு இரண்டு மூன்றாவது இருக்கும், சமாளிக்கக்கூடியவை இன்னும் சில இருக்கும். அதனால்தான் ஆறு பேரை வைத்துக்கொண்டே ஒன்பது பங்கையும் நிரப்ப முடிகிறது.

நம் குழுவில் செயலாக்குபவர் இடம் காலியாகவே இருக்கிறது. கணக்கர் அதைச் சமாளிப்பார் என்று தோன்றும். ஆனால் அவருடைய முதல் இயல்பு பிழை தேடுவது. 100 மருந்து பதிய வேண்டிய நாளில் 30ஐ மூன்று முறை சரிபார்த்துக்கொண்டிருப்பார். திட்டத்தின் மிகக் கனமான இரண்டு கட்டங்கள் இந்தப் பங்கின் மேல் நிற்கின்றன என்பதால் இது சிறிய இடைவெளி அல்ல. ஒருங்கிணைப்பாளர் இடம் காலியில்லை, தவறான நாற்காலியில் இருக்கிறது. கூட்டத்தை நடத்துபவர் உந்துபவர், ஒருங்கிணைக்கக்கூடியவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நெரிசலும் இடைவெளி அளவுக்கே தீங்கு செய்யும். இரண்டு உந்துபவர்கள் இருந்தால் கூட்டம் மல்யுத்தமாகும். எல்லோரும் இணக்கம் பேணுபவர்களாக இருந்தால் சிரித்த முகத்தோடு எந்த முடிவும் எடுக்காமல் கலைவார்கள். துறை வல்லுநர்கள் மூவர் இருந்தால் ஒவ்வொருவரும் தம் துறையை மட்டும் பேசுவார்கள், நடுவில் உள்ள இணைப்பு யாருடையதும் ஆகாது.

ஐந்தாம் படி: இடைவெளியை நிரப்புங்கள்

முதல் வழி, இருப்பவர்களுக்குள் இடம் மாற்றுவது. மருத்துவமனையில் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு செவிலியர் கண்காணிப்பாளருக்குப் போக வேண்டும். இது சுலபமான பேச்சல்ல, பதவியில் அவர் இளையவர். குழுவை அமைப்பவர் நிர்வாக அலுவலரிடம் தனியாகப் பேச வேண்டும், அவருடைய பலத்தைச் சொல்லியே பேச வேண்டும். ‘விற்பனையாளர் இழுத்தடித்தால் விரட்டுவதற்கும், செலவுக்கு ஒப்புதல் வாங்குவதற்கும், கெடுவைக் காப்பதற்கும் நீங்கள்தான் வேண்டும். கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசினால் மற்றவர்கள் மனத்தில் இருப்பது வெளியே வரும்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அதிகாரம் அவரிடமே இருக்கிறது, பேச்சை நடத்துவது மட்டும் கைமாறுகிறது. ஒருவர் தம் இயல்பான பங்கைச் சிறிது காலம் ஒதுக்கிவைத்துக் குழுவுக்குத் தேவையான வேறொன்றைச் செய்வதைப் பெல்பின் மதிப்புக்குரிய தியாகமாகவே கருதினார். ஆனால் அது குறுகிய காலத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் இயல்புக்கு மாறான பங்கைச் சுமந்தவர் சோர்ந்துபோவார்.

இரண்டாவது வழி, ஒரு கட்டத்துக்கு மட்டும் ஆளைக் கடன் வாங்குவது. மருந்தகப் பண்டகசாலையைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். ஆண்டுதோறும் இருப்பெடுப்பை முடித்துக் கையெழுத்து வாங்குபவர், அலமாரிகளுக்கு எண் போட்டவர். பட்டம் இல்லாததால் யாரும் அவரைக் குழுவுக்கு நினைக்கவில்லை. ஜனவரி மூன்றாம் வாரம் முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை அவரைக் குழுவில் சேர்த்தால் செயலாக்குபவர் இடைவெளி அடைபடுகிறது. குழுவின் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டியதில்லை. இலக்கு விவாதத்தில் அவருக்கு ஆர்வம் இருக்காது.

ஆள் கிடைக்காதபோது ஒரு நடைமுறையை வைத்துக்கொள்ளலாம். சீர்தூக்குபவர் இல்லையென்றால், பெரிய முடிவு எதையும் அதே கூட்டத்தில் உறுதி செய்யாமல் இரண்டு நாள் கழித்து உறுதி செய்வது. முடித்துவைப்பவர் இல்லையென்றால், வேறொரு கையால் சரிபார்த்துக் கையெழுத்திடும் தாள். இவை ஆளுக்கு முழு ஈடாகா, ஆனால் ஓட்டை வழியே எல்லாம் ஒழுகிப் போவதைத் தடுக்கும்.

ஆறாம் படி: பங்குகளைக் குழுவின் முன் வெளிப்படையாகப் பேசுங்கள்

இந்தப் பகுப்பாய்வை அமைப்பவரே தம் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தம் பங்கைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லட்டும்: ‘இதற்கு என்னை எதிர்பார்க்கலாம்’, ‘இதற்கு என்னை நம்பாதீர்கள்’. கணினி இளைஞர் ‘யோசனை தருவேன், ஆனால் பட்டியலைக் கடைசிவரை நிரப்ப என்னை நம்பாதீர்கள்’ என்று சொல்லிவிட்டால், பிறகு அவர் பட்டியலை முடிக்கவில்லை என்ற மனத்தாங்கல் எழாது.

மருந்துப் பட்டியல் கட்டத்தில் இந்தப் பேச்சு எப்படிப் பலன் தருகிறது என்று சற்றுக் கிட்டத்தில் பார்ப்போம். பதிவைத் தொடங்கிய மூன்றாம் நாள், ஒரே பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை பழைய பதிவேடுகளில் மூன்று பெயர்களில் இருப்பது தெரிகிறது: ஓரிடத்தில் மருந்தின் பெயர், இன்னோரிடத்தில் நிறுவனப் பெயர், வார்டுப் பதிவேட்டில் சுருக்கெழுத்து. வாங்குவது பெட்டிக் கணக்கில், இருப்பு அட்டைக் கணக்கில், வார்டுக்குத் தருவது மாத்திரைக் கணக்கில். ஒரு நிறுவனத்தின் அட்டையில் 10 மாத்திரை, மற்றொன்றில் 15.

இங்கே ஒவ்வொரு பங்கும் தன் திசையில் இழுக்கிறது. இளைஞர், பார்கோடு வைத்தால் எல்லாம் தீரும் என்கிறார். நிர்வாக அலுவலர், இப்போதைக்கு அப்படியே பதிவோம், ஏப்ரலில் திருத்தலாம் என்கிறார். தலைமை மருந்தாளுநர் திருத்த முடியாது என்கிறார். அலகு தவறாகப் பதிவானால் இருப்பு எண்ணே பொய்யாகிவிடும், அதற்குப் பிறகு எந்த பில்லையும் நம்ப முடியாது. செவிலியர் கண்காணிப்பாளர் அவரை முழுமையாகப் பேசவிட்டு, பிறகு பண்டகசாலை ஊழியரிடம் திரும்பி, சரியாகச் செய்ய எத்தனை நாள் கூடும் என்று கேட்கிறார். நான்கு நாள் என்கிறார் அவர். அடிப்படை அலகு எல்லாவற்றுக்கும் மாத்திரை, அட்டைக்கு எத்தனை மாத்திரை என்பது தனிக் கட்டம், பெயர் மருந்தின் பெயரில் தொடங்க வேண்டும் என்று விதி முடிவாகிறது. கணக்கர் அந்த விதியைத் தாளில் எழுதி ஒட்டி, ஒவ்வொரு மாலையும் பத்துப் பதிவுகளைத் தோராயமாக எடுத்துச் சரிபார்க்கிறார். பார்கோடு யோசனை ஏப்ரலுக்குப் பிறகான பட்டியலில் குறிக்கப்படுகிறது. நிர்வாக அலுவலர் அந்த நான்கு நாளை வேறெங்கே மிச்சப்படுத்தலாம் என்று தேடப் புறப்படுகிறார்.

கூட்டத்தை நிர்வாக அலுவலர் நடத்தியிருந்தால் மருந்தாளுநரின் எச்சரிக்கை இரண்டாவது வாக்கியத்திலேயே வெட்டப்பட்டிருக்கும். பண்டகசாலை ஊழியர் அறையில் இல்லாதிருந்தால் ‘எத்தனை நாள்’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லியிருக்க முடியாது.

ஏழாம் படி: கட்டம் மாறும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்

சமநிலை குலைவதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள் உண்டு. முடிவான விஷயம் திரும்பத் திரும்ப விவாதத்துக்கு வருகிறதென்றால் ஒருங்கிணைப்பு பலவீனமாக இருக்கிறது, அல்லது முடிவை எடைபோட்டவர் யாரும் இல்லை. கூட்டக் குறிப்பில் ‘செய்ய வேண்டும்’ என்று முடியும் வரிகள் அதிகமாகி, அவற்றுக்கு எதிரே பெயரோ தேதியோ இல்லையென்றால் செயலாக்குபவரைத் தேடுங்கள். துறை வல்லுநர் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டால், அவரிடம் சரியான கேள்வி கேட்கப்படவில்லை என்று பொருள். அல்லது அவர் கட்டம் முடிந்துவிட்டது, அப்படியானால் அவரை விடுவித்துவிடுங்கள்.

கட்டம் மாறும்போது முன்னால் நிற்பவரும் மாற வேண்டும். மார்ச் 31 இரவு எண்ணிக்கையின்போது மருந்தகத்தில் பண்டகசாலை ஊழியரின் சொல்லும் கணக்கரின் சொல்லும்தான் செல்ல வேண்டும். தேதி முடிந்த மருந்துகளைப் பிரித்துவைப்பது, தொகுதி எண்ணைப் படித்துச் சொல்வது, எண்ணி முடித்த அலமாரியில் அடையாளம் ஒட்டுவது எல்லாம் அவர்கள் வகுத்த வரிசையில் நடக்கும். அந்த இரவில் புதிய யோசனை எதற்கும் இடமில்லை என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. இரட்டைப் பதிவு நடக்கும் இரண்டு வாரத்தில் வரவேற்புப் பிரிவு ஊழியர் முன்னால் வருகிறார். காத்திருக்கும் நோயாளிகளையும் சலித்துக்கொள்ளும் ஊழியர்களையும் அவரால்தான் சமாளிக்க முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்னும் இருக்கின்றன. பங்கு வகையை ஆள் தேர்வுக்கோ பதவி உயர்வுக்கோ ஆண்டு மதிப்பீட்டுக்கோ பயன்படுத்தாதீர்கள். அப்படிப் பயன்படும் என்று தெரிந்த நிமிடமே எல்லோரும் வினாத்தாளில் தலைவருக்குரிய கூற்றுகளைத் தேடிப் புள்ளி போடுவார்கள், தகவல் கெட்டுவிடும். மற்றொன்று, திட்டம் முடிந்த பிறகு இந்தத் தாளை அடுத்த குழுவுக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். பங்கு என்பது உடனிருப்பவர்களையும் பொறுத்தது. உந்துபவர் இருந்த குழுவில் ஒருங்கிணைப்பாளராக விளங்கிய செவிலியர் கண்காணிப்பாளர், ஏற்கெனவே நல்ல ஒருங்கிணைப்பாளர் உள்ள மற்றொரு குழுவில் இணக்கம் பேணுபவராகவே அதிகம் நடந்துகொள்ளக்கூடும். புதிய குழு கூடும்போது மூலையில் இருப்பவரின் தாளில் மறுபடி கோடு போடத் தொடங்குங்கள்.